கணக்கப்பிள்ளை ஆங்கிலத்துக்குப் போன இரண்டு வழிகள்

தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொற்கள் என்றால் கட்டுமரமும் கறியும்தான் முதலில் நினைவுக்கு வரும். மஸ்கெலியாத் தோட்டங்களில் நாள்தோறும் புழங்கும் கணக்கப்பிள்ளையை யாரும் அந்தப் பட்டியலில் சேர்ப்பதில்லை. ஒரு சொல்லின் பயணத்தை எப்படித் தேடுவது என்று கற்றுக்கொள்ள அதைவிட நல்ல சொல் எனக்குத் தெரியாது.

ஒலி ஒத்திருந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தொடக்கம் மட்டுமே. அந்தச் சொல் முதன்முதலில் எந்த ஆண்டு, எந்த ஊரில், யார் கையால் எழுதப்பட்டது, அங்கே என்ன பொருளில் வந்தது, இடையில் எந்த மொழி அதைச் சுமந்தது என்பவற்றையும் பார்க்க வேண்டும். கட்டுமரத்துக்கு இவை ஓரளவு எளிதாகவே கிடைக்கின்றன. 1697இல் வெளியான தன் பயண நூலில் வில்லியம் டாம்பியர், சோழமண்டலக் கரையில் மரத்துண்டுகளால் ஆன மிதவையை அந்தப் பெயரால் குறிக்கிறார். 1876இல் அமெரிக்காவில் நதானியல் ஹெரஷாஃப் கட்டிய இரட்டை உடல் பாய்ப்படகும் அதே பெயரைப் பெற்றது. சொல் நம்முடையது, ஆனால் இன்று அது குறிக்கும் படகு நம் கரையில் இருந்ததில்லை.

கறி அவ்வளவு நேரானதல்ல. 1598இல் ஆங்கிலத்தில் வந்த லின்ஷோட்டனின் நூலில் அது ‘காரியல்’ என்ற வடிவில் இருக்கிறது. போர்த்துக்கீசியர் ‘கரில்’ என்றார்கள். கடைசியில் ஒட்டியிருக்கும் அந்த லகரம் தமிழ்க் கறியில் இல்லை. அதனால்தான் ஹென்றி யூலும் பர்னலும் தொகுத்து 1886இல் வெளியான ஹாப்ஸன்-ஜாப்ஸன் அகராதி, போர்த்துக்கீசிய வடிவத்துக்குக் கன்னடத்தின் பக்கம் கைகாட்டுகிறது. கறி என்பதைத் தமிழுக்கு மட்டும் உரியது என்று சொல்லாமல், தென்னிந்திய மொழிகளின் பொதுச்சொத்து என்று சொல்வதே சரி.

இனி கணக்கப்பிள்ளை. அதே அகராதியில் ‘கானிக்கோபொலி’ என்றொரு தலைப்பு உண்டு. சென்னையில் ஆங்கிலேயரிடம் வேலை செய்த கணக்கெழுத்தருக்கு அந்தப் பெயர். ‘பிள்ளை’ எப்படிப் ‘பொலி’ ஆனது? நேராகத் தமிழ் வாயிலிருந்து கேட்டவர் அப்படி எழுத மாட்டார். நடுவில் போர்த்துக்கீசியம் இருக்கிறது. முத்துக்குளித்துறையில் பணியாற்றிய பிரான்சிஸ் சவேரியார் 1544இல் தன் தோழருக்கு எழுதிய கடிதத்திலேயே இந்தச் சொல் வருகிறது. எழுதத் தெரிந்த ஒரு கணக்கப்பிள்ளையைக் கூட்டிவரச் சொல்கிறார். ஊர் ஊராகச் செபங்களை எழுதி வைத்துவிட்டுப் போக அவருக்கு ஆள் தேவைப்பட்டது. கரையோரக் கிராமத்து எழுத்தர் போர்த்துக்கீசியரின் நாவில் உருமாறி, பின்னர் ஆங்கிலேயரின் அலுவலகத்துக்குள் நுழைந்திருக்கிறார்.

இலங்கைத் தோட்டத்துரைமார் எழுதிய ஆங்கிலத்தில் இதே சொல் ‘கனகபுள்ளே’ என்று வருகிறது. ‘பிள்ளை’ என்ற எழுத்து வடிவம் இதில் இல்லை. பிரட்டுக்களத்தில் இன்றும் கேட்கும் ‘கணக்கப்புள்ள’தான் அப்படியே பதிவாகியிருக்கிறது. தொழிலாளரின் பேச்சைக் காதால் கேட்டு எழுதியவர்கள் இவர்கள் என்று ஒரே ஓர் உயிரெழுத்து காட்டிவிடுகிறது. பொருளும் மாறியது. சென்னையில் மேசைக்கு முன் இருந்தவர், இங்கே மலையில் நின்று வேலை வாங்குபவரானார். ஒரே தமிழ்ச்சொல், இரு வேறு காலங்களில், இரு வேறு வாய்கள் வழியாக ஆங்கிலத்துக்குப் போயிருக்கிறது.

இந்த முறையை மலையகத்தை மிகவும் காயப்படுத்திய சொல்லிலும் வைத்துப் பார்க்க வேண்டும். இலங்கையின் 1889ஆம் ஆண்டு 13ஆம் இலக்கச் சட்டம் வரை ‘கூலி’ அரசு ஆவணங்களில் ஏறி, ஒரு மக்கள் கூட்டத்தின் பெயராகவே ஆகிவிட்டது. தமிழில் அது முதலில் ஆளைக் குறித்த சொல் அல்ல. திருக்குறளின் 619ஆம் குறளில் அது உழைப்புக்குக் கிடைக்கும் ஊதியம். லயத்திலும் ஆள் என்றால் கூலியாள், கூலிக்காரன். இந்தப் பொருள் இடைவெளியை யூல் கவனித்தார். 16ஆம் நூற்றாண்டுப் போர்த்துக்கீசியப் பதிவுகளில் குஜராத்தின் கோளி சமூகத்தாரின் பெயர் ஆட்பெயராகவே கிடைப்பதால், சொல் அங்கிருந்து கிளம்பித் தெற்கே நம் ‘கூலி’யோடு கலந்திருக்கலாம் என்பது ஒரு கருத்து. இன்னொரு பக்கம், 1638இல் வெளியான வில்லியம் புரூட்டனின் பயணக் குறிப்பில் ‘கௌலர்’ என்பவர் சுமைதூக்கிகள் என்ற விளக்கம் இருக்கிறது. அவர் பயணம் செய்தது ஒடிசாவும் வங்காளமும் உள்ள கிழக்குக் கரையில். அங்கே அந்தச் சொல் ஒரு சாதியை அல்ல, ஒரு வேலையைக் குறிக்கிறது.

‘தமிழ்ச்சொல்லேதான்’ என்று அடித்துச் சொல்ல எனக்கும் ஆசை உண்டு. ஆனால் பொருள் மாற்றத்துக்குச் சான்று வேண்டும். தென்கரையில் எழுதப்பட்ட பழைய ஆவணமொன்றில், ஊதியத்தைக் குறித்த சொல் ஆளைக் குறிக்கத் தொடங்கும் இடம் கிடைக்க வேண்டும். தேட வேண்டிய இடமும் தெரிந்ததுதான்: கணக்கப்பிள்ளை அகப்பட்ட அதே முத்துக்குளித்துறைக் கடிதங்கள், அவற்றுக்குப் பின் வந்த போர்த்துக்கீசிய, டச்சுக் கணக்கேடுகள்.