தரைக்குள் இருந்த முதல் காட்சி: விளைவில் தொடங்கும் மர்மக் கதையும் ‘த்ரிஷ்யம்’ படமும்

மர்மக் கதை என்றால் குற்றம் நடக்கும், துப்பறிபவர் வருவார், குற்றவாளி யார் என்பது கடைசியில் தெரியும் என்ற வரிசையே பெரும்பாலான வாசகர்களின் மனத்தில் பதிந்திருக்கிறது. இந்த வரிசையைத் திருப்பிப் போட்டு, குற்றத்தையும் அதைச் செய்தவரையும் தொடக்கத்திலேயே காட்டிவிட்டு, அது எப்படி வெளிப்படும் என்பதையே கதையாக்கும் முறையை ஆங்கில எழுத்தாளர் ஆர். ஆஸ்டின் ஃப்ரீமன் 1912-இல் வெளிவந்த தம் சிறுகதைத் தொகுதியில் வளர்த்தெடுத்தார். இதைத் தலைகீழ்த் துப்பறிதல் எனலாம். இதிலிருந்து வேறான இன்னொரு முறையும் உண்டு. அதில் விளைவு மட்டும் முதலில் வைக்கப்படும். காரணம் பின்னோக்கி, துண்டு துண்டாக வந்து சேரும். தமிழில் எஸ். பாலசந்தர் இயக்கி 1954-இல் வெளிவந்த ‘அந்த நாள்’ இவ்வகையைச் சேர்ந்தது: துப்பாக்கி வெடிக்கிறது, ஒருவன் சுருண்டு விழுகிறான், எஞ்சிய படம் முழுவதும் அந்த ஒரு வெடிச்சத்தத்துக்குக் காரணம் தேடுகிறது.

இவ்விரு முறைகளையும் ஒரே படத்துக்குள் பின்னிய எடுத்துக்காட்டு இடுக்கி மாவட்டத்தைக் களமாகக் கொண்ட கதையில் கிடைக்கிறது. ஜீத்து ஜோசப் எழுதி இயக்கி, 2013 டிசம்பர் 19 அன்று வெளியான ‘த்ரிஷ்யம்’ என்ற மலையாளப் படமே அது. கதை நிகழும் ராஜாக்காடு, போடிமெட்டு வழியாக மலையேறும் தமிழர்களுக்குப் பழக்கமான உடும்பன்சோலை வட்டத்து ஊர். படப்பிடிப்போ பெரும்பாலும் கீழே தொடுபுழா வட்டாரத்தில் நடந்தது. கேபிள் டி.வி. தொழில் நடத்தும் ஜார்ஜ்குட்டியின் குடும்பமும், ஐ.ஜி. கீதா பிரபாகரின் மகன் வருணின் மரணமும் கதையின் இரு முனைகள். தமிழ் வாசகர்களில் பலர் இக்கதையைக் கமல்ஹாசன் நடிக்க, அதே இயக்குநர் 2015-இல் எடுத்த ‘பாபநாசம்’ வழியாகவே அறிந்திருப்பார்கள். திருநெல்வேலிக்கு மாற்றப்பட்ட அப்படத்துக்கு ஜெயமோகன் உரையாடல் எழுதினார். ஆயினும் கட்டமைப்பைப் பற்றிப் பேச மூலப்படமே ஏற்றது.

படம் ஒரு காவல் நிலையத்தில் தொடங்குகிறது. ஜார்ஜ்குட்டி அங்கே உட்கார்ந்து காத்திருக்கிறார். எதற்கு வந்தார், குற்றம் சாட்டப்பட்டவரா, புகார் கொடுக்க வந்தவரா என்பது தெரியாது. அங்கிருந்து கதை பின்னோக்கிப் போகிறது. இறந்தகாலத்துக்குப் போவதற்கான வழக்கமான வாசல் இது என்று பார்வையாளர் எடுத்துக்கொண்டு, அந்த அறையை மறந்துவிடுகிறார். இயக்குநரின் உத்தி இந்த மறதியில்தான் நிற்கிறது. ‘அந்த நாள்’ படத்தில் விளைவு விளைவாகவே, பெருஞ்சத்தத்தோடு அறிமுகமாகிறது. ‘த்ரிஷ்யம்’ படத்திலோ விளைவு கண்முன்னே இருந்தும் விளைவு என்று அடையாளம் தெரியாமல் இருக்கிறது. அந்தக் கட்டடமே, குறிப்பாக அதன் தரையே, கதையின் விடை என்பது கடைசி நிமிடங்களில்தான் புலனாகிறது. கட்டி முடியாத காவல் நிலையத்திலிருந்து மண்வெட்டியோடு ஜார்ஜ்குட்டி வெளியேறும் ஒரு சிறு காட்சித்துண்டு, இரண்டரை மணி நேரத்துக்கு முன் காட்டப்பட்ட முதல் ஷாட்டுக்குப் பொருள் கொடுக்கிறது.

இந்த இரு ஷாட்டுகளுக்கும் நடுவில் படம் எதையும் மறைக்காதது போலவே நடந்துகொள்கிறது. மூத்த மகளின் படத்தைக் கைபேசியில் எடுத்து வைத்துக்கொண்டு மிரட்டும் வருண், தாயும் மகளும் நிற்கும் இடத்தில் அடிபட்டு இறக்கிறான். இருவரும் உடலை வீட்டுத் தோட்டத்தின் எருக்குழியில் புதைக்கிறார்கள். இளைய மகள் அதைப் பார்த்துவிடுகிறாள். இரவு முழுவதும் அலுவலகத்தில் இருந்த ஜார்ஜ்குட்டிக்குக் காலையில்தான் விஷயம் தெரிகிறது. வருணின் காரை அவர் ஓட்டிப்போய் நீர் நிறைந்த பழைய குவாரியில் தள்ளுவதும், கைபேசியின் தடத்தை வெளியூருக்குப் போகும் லாரியோடு அனுப்பிவிடுவதும், காரில் அவரைக் கான்ஸ்டபிள் சகதேவன் கண்டுவிடுவதும் ஒளிவின்றிக் காட்டப்படுகின்றன. கொலையாளி யார், எப்படி, எங்கே புதைத்தார்கள் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை தெரிந்துவிட்டதாக நம்பும் பார்வையாளருக்கு, குடும்பம் பிடிபடுமா என்ற ஒரே கேள்விதான் மிஞ்சுகிறது. அதாவது, படம் ஃப்ரீமன் வகையைச் சேர்ந்தது என்று அவர் முடிவுகட்டிவிடுகிறார்.

அந்த முடிவை உடைப்பது எருக்குழியைத் தோண்டும் காட்சி. அடி தாங்காத இளைய மகள் உண்மையைச் சொல்ல, ஊரே கூடி நிற்கக் குழி தோண்டப்படுகிறது. உள்ளே இருப்பது ஒரு கன்றின் உடல். புதைத்ததைக் காட்டிய படம், மீண்டும் எடுத்ததைக் காட்டவில்லை. ஒரே ஒரு செயலைப் படத்தொகுப்பில் விட்டுவிட்டு, அது விடுபட்டதாகவே தோன்றாதபடி மற்ற எல்லாவற்றையும் நெருக்கமாக அடுக்கியிருக்கிறார்கள். விடுபட்ட ஷாட் எங்கே இருந்திருக்க வேண்டும் என்று தேடிப் பார்ப்பவர் ஒன்றைக் கவனிக்கலாம்: அவ்விடத்தில்தான் பேருந்து, விடுதி, உணவகம், திரையரங்கு என்று பயணக் காட்சிகள் தொடங்குகின்றன. பார்வையாளரின் கண் குழியைவிட்டு நகர்த்தப்பட்டு நாட்காட்டியின் மேல் வைக்கப்படுகிறது. இவ்வகைக் கதையின் நேர்மைக்கு இது ஒரு சோதனை. பொய்யான காட்சியைக் காட்டிப் பின்னால் அது கனவென்றோ கற்பனையென்றோ சொல்வது மோசடி. காட்டிய அனைத்தும் உண்மையாக இருந்து, காட்டாதது மட்டுமே புதிராக இருப்பது கலை. ‘த்ரிஷ்யம்’ இச்சோதனையில் தேறுகிறது என்பதே இக்கட்டுரையின் கணிப்பு.

நாட்காட்டிச் சூழ்ச்சி இன்னொரு பின்னோக்கிய கதையாகவே படத்துக்குள் பொதிந்திருப்பதால் அதைத் தனியே விரித்துப் பார்க்க வேண்டும். ஆகஸ்டு 2, 3 ஆகிய நாட்களில் தொடுபுழாவில் தியானத்துக்குப் போயிருந்ததாகக் குடும்பம் சொல்கிறது. (தியானம் என்பது கேரளக் கத்தோலிக்கர் கூடிச் செபித்து அருளுரை கேட்கும் நிகழ்வு.) கீதா சாட்சிகளை ஒவ்வொருவராக விசாரிக்கிறார். பேருந்து நடத்துநர், விடுதிக்காரர், உணவகக்காரர், திரையரங்கு ஊழியர் எல்லோரும் ஒத்த வாக்குமூலம் கொடுக்கிறார்கள், எவரும் பொய் சொல்வதாகவும் தெரியவில்லை. அவர் இந்த விளைவிலிருந்து பின்னோக்கி யோசிக்கிறார். இத்தனை பேரும் உண்மை பேசினால், அவர்கள் அந்தக் குடும்பத்தைப் பார்த்திருக்க வேண்டும்; பார்த்த நாள் மட்டும் வேறாக இருக்க வேண்டும். சம்பவத்துக்குப் பிறகு வந்த நாட்களில் ஜார்ஜ்குட்டி குடும்பத்தோடு அப்பயணத்தை மேற்கொண்டு, பிறகு மறுபடியும் அதே மனிதர்களைத் தேடிப்போய், முன்பு சந்தித்த பேச்சினூடே தேதியை அவர்கள் மனத்தில் ஊன்றிவிட்டு வந்தார் என்பதே அவர் சென்றடையும் காரணம். காட்சி பொய்யில்லை, அதன்மேல் ஒட்டிய தேதிதான் பொய். முகத்தையும் பேச்சையும் துல்லியமாக நினைவில் வைத்திருக்கும் மனிதர்கள், நாளை மட்டும் யாராவது எடுத்துக்கொடுத்தால் ஏற்றுக்கொள்கிறார்கள் என்ற எளிய உண்மையின் மேல் இத்திட்டம் நிற்கிறது. நான்காம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, இரவெல்லாம் திரைப்படம் பார்த்துக் கற்றுக்கொண்ட ஒருவர் இதைச் செய்ய முடியும் என்பதற்குப் படத்தின் மெதுவான முதல் பகுதி முழுவதும் சான்று சேர்க்கிறது. அப்பகுதி இழுவை என்று சொல்வோர் இந்தக் கணக்கைக் கவனிக்கத் தவறுகிறார்கள்.

கீதா காரணத்தைக் கண்டுபிடித்தும் தோற்கிறார் என்பது இங்கே முக்கியம். பின்னோக்கிய தருக்கம் எப்படி நடந்திருக்கலாம் என்பதைச் சொல்லும். நடந்தது என்பதற்குப் பொருள்சான்று தராது. உடல் இல்லாமல் அவர் அடைந்த விடை ஊகமாகவே நின்றுவிடுகிறது. ஹிகாஷினோ கெய்கோ 2005-இல் வெளியிட்ட ஜப்பானிய நாவலான ‘சந்தேக நபர் எக்ஸின் அர்ப்பணிப்பு’ம் கொலையை முதலிலேயே காட்டிவிட்டு, நாளைக் குறித்த மயக்கத்தின் மேல் கதையை எழுப்புகிறது. இரண்டுக்கும் உள்ள ஒற்றுமை பெரிதாகப் பேசப்பட்டது. இயக்குநர் அத்தொடர்பை மறுத்தார். ஒற்றுமையைவிட வேறுபாடே ஆய்வுக்கு உதவுகிறது. நாவலில் விடை அறிவாளி ஒருவரின் விளக்கமாக வருகிறது. படத்தில் யாரும் விளக்காமல், ஒரு ஷாட் மட்டும் வந்து போகிறது. அதைப் படத்துக்குள் காவலர்கள் அறியமாட்டார்கள், குடும்பமும் அறியாது. பார்வையாளர் ஒருவரே அறிகிறார்.

தமிழக-கேரள எல்லையின் மறுமுனையான பாலக்காட்டில் படமான ‘கிஷ்கிந்தா காண்டம்’ இவ்வரிசையை வேறு திசைக்குக் கொண்டு போகிறது. 2024 செப்டம்பரில் வெளிவந்த இப்படத்தைத் தின்ஜித் அய்யத்தான் இயக்க, பாகுல் ரமேஷ் எழுதினார். தேர்தலையொட்டி உரிமம் பெற்ற துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்லும்போது, ஓய்வுபெற்ற ராணுவ வீரர் அப்புப்பிள்ளையின் துப்பாக்கி காணாமல் போயிருக்கிறது. அவருடைய பேரனும் முன்பே காணாமல் போயிருக்கிறான். இவை விளைவுகள். காரணத்தைத் தேடும் முதியவருக்கோ நினைவு தவறிக்கொண்டிருக்கிறது. தேடி அடைந்ததை மறப்பதும், மறந்ததை மீண்டும் தேடுவதுமாக அவர் நாள் கழிகிறது. புதிதாக மணமாகி அவ்வீட்டுக்கு வந்த அபர்ணாவின் கண்வழியாகவே பார்வையாளர் துண்டுகளைச் சேர்க்கிறார். ஜார்ஜ்குட்டி பிறருடைய நினைவைத் திருத்துகிறார். இங்கே துப்பறிபவரின் நினைவே குற்றக்களமாகிவிடுகிறது. ஷாட்டுகளின் தாக்கத்தில் ‘த்ரிஷ்யம்’ மேலானது. காரணம் தெரிந்த பிறகு எழும் துயரத்தில் ‘கிஷ்கிந்தா காண்ட’மே ஆழமானது.

விடுபட்ட ஷாட்டின் வரலாறு 2013-ஓடு முடியவில்லை. 2021 பிப்ரவரியில் இணையத் திரையில் வெளியான இரண்டாம் பாகம், அதே இரவைத் தன் முதல் காட்சியாக வைத்துக்கொண்டது. கொலை செய்துவிட்டுக் காவலரிடமிருந்து தப்பியோடும் ஜோஸ் என்பவன், கட்டி முடியாத காவல் நிலையத்தருகே பதுங்கும்போது, ஜார்ஜ்குட்டி வெளியே வருவதைக் காண்கிறான். முதல் படத்தில் பார்வையாளருக்கு மட்டுமே கிடைத்த ரகசியத்துக்கு இப்போது கதைக்குள்ளேயே ஒரு சாட்சி உண்டு. ஆண்டுகள் கழித்துச் சிறையிலிருந்து வெளிவரும் அவன் அதைச் சொல்ல, நிலையத்தின் தரை உடைக்கப்பட்டு எலும்புகள் கிடைக்கின்றன. ஆனால் மரபணுச் சோதனை அவை வருணுடையவை அல்ல என்கிறது. ஜார்ஜ்குட்டி கல்லறைத் தொழிலாளி ஒருவரின் துணையோடு வேறொரு இளைஞனின் எலும்புகளை முன்பே பெற்று, சோதனைக்கு முன் மாற்றிவிட்டார். இம்முறை விடுபட்ட ஷாட்டுகள் பல. அவற்றை ஒரு திரைக்கதையின் முடிவைச் சொல்வதுபோல இன்னொரு பாத்திரம் வாய்மொழியாக விளக்க வேண்டியிருப்பதால், முதல் படத்தின் அந்த ஒற்றை மண்வெட்டிக்கு இருந்த வலிமை இதற்கு வாய்க்கவில்லை. ஆயினும் இறுதியில் ஒரு காட்சி உண்டு. வருணின் உண்மையான எச்சங்கள் எரிக்கப்பட்டுச் சாம்பலாகத் தந்தை பிரபாகரின் கைக்கு வந்து சேர்கின்றன. அவர் அதை ஆற்றில் கரைக்கிறார். ஜார்ஜ்குட்டி தொலைவில் நின்று பார்க்கிறார்.