கடைசிச் செய்தியில் எழுவாய் யார்?

பிரெஞ்சுக் கலைஞர் சோஃபி காலுக்கு, உறவு முடிந்தது என்று அவருடைய காதலர் மின்னஞ்சல் அனுப்பினார். அதற்கு என்ன பதில் எழுதுவதென்று காலுக்குத் தெரியவில்லை. அந்தக் கடிதத்தை 107 பெண்களிடம் கொடுத்து, அவரவர் தொழிலின் கண்ணால் படிக்கச் சொன்னார். மெய்ப்புத் திருத்துபவர், வழக்கறிஞர், காவல்துறை அதிகாரி, நடிகைகள் எல்லாரும் படித்தார்கள். ஒரு கிளி அந்தத் தாளைக் கடித்துத் தின்றது. 2007 வெனிஸ் பியனாலேயின் பிரெஞ்சு அரங்கில் இது காட்சிக்கு வைக்கப்பட்டது. கடிதத்தின் கடைசி வரியான ‘உங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்பதே படைப்பின் தலைப்பு.

இதைப் பழிவாங்கல் என்று சொல்லிக் கடந்துபோவது எளிது. எனக்கு வேறொரு கேள்வி முக்கியம். ஒரு பிரிவுக் கடிதத்துக்கு ஏன் இத்தனை வாசிப்புகள் தேவைப்பட்டன?

காரணம் கடிதத்திலேயே இருக்கிறது. அந்த ஆணுக்கு வேறு பெண்களோடும் தொடர்பு இருந்தது. அவர்கள் வரிசையில் தான் நான்காவதாக இருக்க மாட்டேன் என்றும், காதலர்களாக இல்லாத நாளிலிருந்து சந்திக்க மாட்டேன் என்றும் கால் நிபந்தனை வைத்திருந்தார். இப்போது மீண்டும் மற்றவர்களைச் சந்திப்பதாக அவர் எழுதுகிறார். ஆகவே, காலின் நிபந்தனைப்படி உறவு முடிகிறது! முடித்தவர் அவர், ஆனால் கதவைச் சாத்தியது காலின் விதி என்பதுபோல் வாக்கியங்கள் அமைகின்றன. அந்த விதி நியாயமில்லை என்ற குறையும் சேர்கிறது. பிறகு, தன் அன்பு மாறாது என்கிறார். பழியும் நம்பிக்கையும் ஒரே உறையில் வந்து சேர்ந்தால், பெறுபவர் திரும்பத் திரும்பப் படிக்காமல் என்ன செய்வார்?

தமிழில் ஒளிந்துகொள்ள இன்னும் வசதி உண்டு. ‘முடிந்துவிட்டது’ என்றால் செய்தவர் இல்லை. ‘முடிக்கிறேன்’ என்றால் உண்டு. ‘சரிவராது’, ‘செட் ஆகல’ எல்லாம் யாரும் செய்யாமல் தானாக நடப்பவை. மழை பெய்வதுபோல. ‘வேண்டாம்’ என்று சொல்லும் பெண்ணுக்குத் திமிர் பிடித்தவள் என்ற பட்டம் காத்திருக்கும் ஊரில், இந்த வினைகளுக்குப் பின்னால் நாம் ஒதுங்குவது இயல்புதான். ஒரு வரைவை எடுத்துக்கொள்வோம்:

“நீ ரொம்ப நல்லவன். நான்தான் உனக்குத் தகுதியில்லாதவ. வீட்லயும் ஒத்துக்கமாட்டாங்க. இப்போதைக்கு இது சரிவராது. ஆனா நீ எப்பவும் எனக்கு ஸ்பெஷல்.”

கனிவாகத்தான் தெரிகிறது. ஆனால் ‘தகுதியில்லாதவ’ என்றதும், தகுதி இருக்கிறது என்று நிரூபிக்கும் வேலை அவனுக்கு வந்துவிடுகிறது. ‘வீட்ல’ என்றால் வீட்டில் வந்து பேசலாம். ‘இப்போதைக்கு’ என்றால் ஆறு மாதம் காத்திருக்கலாம். ‘ஸ்பெஷல்’ அந்தக் காத்திருப்புக்குக் கூலி. அவள் வேண்டாம் என்று முடிவெடுத்திருக்கிறாள். அந்த ஒன்று மட்டும் செய்தியில் இல்லை. நாளை அவன் வாசலில் வந்து நின்றால், ‘புரிந்துகொள்ளவில்லை’ என்று அவனை மட்டும் குறைசொல்ல முடியாது.

அவளே எழுவாயாக நின்றால் இப்படி இருக்கும்:

“ரெண்டு வருஷமா இருக்கிற நம்ம உறவை நான் இன்னையோட முடிச்சுக்கறேன். உன்கூட வாழணும்னு எனக்குத் தோணல. யோசிச்சு எடுத்த முடிவு, மாறாது. நீ ஏதோ செஞ்சதால இல்ல. உன் புத்தகங்களை வெள்ளிக்கிழமைக்குள்ள குடுத்தனுப்பறேன். இனி கால், மெசேஜ் வேண்டாம்.”

முதல் வாக்கியத்திலேயே சேதி வந்துவிடுகிறது. காரணம் அவளுடைய விருப்பம். அதை வாதாடி மாற்ற முடியாது. புத்தகத்துக்கு நாள் குறித்ததால், அதைச் சாக்கிட்டு இன்னொரு சந்திப்பு தேவையில்லை. வசை இல்லை, அவன் குணத்துக்குச் சான்றிதழும் இல்லை. ‘நீ ஏதோ செஞ்சதால இல்ல’ என்பது உண்மையானால் மட்டுமே எழுத வேண்டியது. அவன் கைநீட்டியவன் என்றால் அந்த வரி பொய்யான மன்னிப்பு. அதை எடுத்துவிடலாம், குற்றப்பத்திரிகையும் எழுத வேண்டியதில்லை.

இரண்டு வருட உறவை மெசேஜில் முடிப்பது கோழைத்தனம் என்பார்கள். அடிக்காத, மிரட்டாத ஒருவரிடம் நேரில் சொல்ல முடிந்தால் நல்லதுதான். பயம் இருக்கும் இடத்தில் தூரம் அவளுக்குத் தேவை. அப்போது அனுப்பும் முன் ஒரு தோழிக்குச் சொல்லிவைப்பதும், பழைய மிரட்டல்களை அழிக்காமல் சேமிப்பதும் செய்தியின் சொற்களைவிட முக்கியம்.

‘ஏன்?’ என்று பதில் வரும், பெரும்பாலும் பல முறை. ஒருமுறை, “சொன்னதுதான் காரணம், வேற இல்ல” என்று எழுதலாம். அதற்குமேல் தரும் ஒவ்வொரு விளக்கமும் மூடிய பேச்சைத் திறந்துவிடும். மூன்று வாரம் கழித்து அவன் பிறந்தநாளுக்கு அனுப்பும் வாழ்த்தும் அதைத்தான் செய்யும்.