தோல் பார்க்கும் கண், ஆள் பார்க்கும் கண்

தோல் கூடங்களில் தரம் பிரிக்கிற மேசையைப் பெரும்பாலும் வடக்குப் பார்த்த சன்னலை ஒட்டித்தான் போட்டிருப்பார்கள். வடக்கு வெளிச்சத்தில் பெரும்பாலும் நேர் வெயில் விழாது. காலையில் தெரிந்த நிறம் மாலையிலும் ஏறக்குறைய அப்படியே தெரியும். முன்னால் ஆட்டுத்தோல் அடுக்கு இருக்கும். உண்ணிக் கடி, அம்மைத் தழும்பு, முள் கீறல், தோலுரித்தவர் கை தவறிய கத்திவெட்டு என்று ஒவ்வொன்றையும் விரலால் தடவிப் பார்த்து, முதல் தரம், இரண்டாம் தரம் என்று தனித்தனியாகப் போடுவார்கள். மோசமான தோல் இருபது தொடர்ந்து வந்தால், இருபத்தோராவதாக வரும் சுமாரான தோலும் கண்ணுக்கு அழகாகத் தெரியும். அனுபவசாலிக்கு இது தெரியும். அதனால் மாதிரித் தோல் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவ்வப்போது ஒப்பிட்டுக்கொள்வார். சந்தேகம் வந்தால் இன்னொருவரைக் கூப்பிட்டுக் காட்டுவார்.

தோலைப் பார்க்கும்போது தன் கண்ணை இவ்வளவு சந்தேகப்படுகிற இதே தொழில், மார்ச் மாதம் ஆட்களுக்கு மதிப்பெண் போட உட்காரும்போது அந்தச் சந்தேகத்தை வாசலிலேயே விட்டுவிடுகிறது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கத்து ஷூ கம்பெனிகளில் ஆண்டு அப்ரைசல் என்பது முக்கியமாக லைன் சூப்பர்வைசர், தரக்கட்டுப்பாட்டு ஊழியர், அலுவலகப் பணியாளர் ஆகியோரின் பிரச்சினை. தையல் மெஷினில் உட்காரும் தொழிலாளியின் ஊதிய உயர்வில் பெரும்பங்கை அரசு அறிவிக்கும் குறைந்தபட்சக் கூலியும் ஏப்ரல் முதல் மாறும் பஞ்சப்படியுமே தீர்மானித்துவிடுகின்றன. சூப்பர்வைசருக்கு அப்படி இல்லை. மேலாளர் வட்டமிடுகிற ஓர் எண்தான் அவருடைய இன்கிரிமென்ட்.

அந்த எண் பிசகுவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று நினைவின் பிழை, மற்றொன்று நலனின் பிழை. இரண்டுக்கும் ஒரே மருந்தைக் கொடுப்பதுதான் நம் கம்பெனிகள் செய்கிற தவறு என்பது என் வாதம்.

முதலில் நினைவு. அப்பர் தைக்கும் பிரிவில் இரண்டு சூப்பர்வைசர்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நூறு ஜோடிக்கு நான்குக்கு மேல் ரீவொர்க் வரக்கூடாது என்பது கம்பெனியின் அளவு. முதலாமவரின் லைனில் ஏப்ரல் முதல் ஜனவரி வரை பத்து மாதமும் சராசரி 2.5. பிப்ரவரியில் லைனிங் துணி ஒரு வாரம் தாமதமாக வந்தது. பிறகு இரவும் பகலுமாக ஓட்டியதில் ரீவொர்க் 9 ஆனது, ஷிப்மென்ட் கப்பலைத் தவறவிட்டு விமானத்தில் போனது. மார்ச்சில் 3. இரண்டாமவரின் லைன் பத்து மாதம் 6-இல் கிடந்தது, கடைசி இரண்டு மாதம் மட்டும் 2-க்கு இறங்கியது. மேலாளர் படிவத்தை எடுக்கும்போது அவர் காதில் இன்னும் கேட்டுக்கொண்டிருப்பது விமானச் செலவைப் பற்றி முதலாளி போட்ட சத்தம். முதலாமவருக்கு ஐந்துக்கு இரண்டு போடுகிறார், இரண்டாமவருக்கு நான்கு. ஆண்டுக் கணக்கைக் கூட்டிப் பார்த்தால் முதலாமவரின் சராசரி 3.1, இரண்டாமவருடையது 5.3. எண் தலைகீழாக விழுந்திருக்கிறது.

இதைத்தான் அண்மைச் சாய்வு என்கிறோம். மேலாளர் பொய் சொல்லவில்லை. அவர் நினைவில் உண்மையிலேயே அவ்வளவுதான் மிஞ்சியிருக்கிறது. அதனால் மருந்தும் எளிது: நினைவை நம்பாமல் எழுதி வைப்பது. டிநிசி, பீட்டர்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1996-இல் வெளியிட்ட கள ஆய்வு, நாட்குறிப்பு வைத்த மேற்பார்வையாளர்களுக்கு ஊழியர்களின் செயல்கள் கூடுதலாக நினைவிருந்ததைக் காட்டியது.

குறிப்பு நீளமாக இருக்க வேண்டியதில்லை. ஆளுக்கு மாதம் மூன்று வரி போதும். என்ன நடந்தது, அவர் என்ன செய்தார், அது அவர் கையில் இருந்ததா? இந்த மூன்றாவது கேள்விதான் மேலே சொன்ன கதையில் நியாயத்தைக் காப்பாற்றுகிறது. லைனிங் வராதது சூப்பர்வைசரின் குற்றம் அல்ல. அவசரத்தில் சோதனையைத் தளர்த்தியது வேண்டுமானால் அவர் கணக்கில் சேரலாம். ரீவொர்க் எண்ணையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. துண்டுகள் அதிகம் உள்ள பூட்ஸ் தைக்கும் லைனையும் சாதாரண மொக்காசின் தைக்கும் லைனையும் ஒரே அளவுகோலில் வைத்தால், கடினமான வேலையை ஏற்றவருக்குத் தண்டனை கொடுத்தவர்களாவோம்.

இந்த மருந்தும் கெட்டுப்போகும். குறைகளை மட்டும் எழுதுகிற மேலாளரிடம் குறிப்பேடு குற்றப்பத்திரிகை ஆகிவிடும். எழுதவே எழுதாமல் மார்ச் கடைசி வாரத்தில் பன்னிரண்டு மாதத்தையும் ஒரே மூச்சில் நிரப்புகிறவர்களும் உண்டு. ஒரே மை, ஒரே கையெழுத்துச் சாய்வு, மாதம் தவறாமல் ஒரே சொற்கள். அந்த ஏடு அண்மைச் சாய்வைத் தடுக்காமல் அதற்கு ஆவணச் சான்று தயாரித்துக் கொடுக்கிறது. மாதக் கடைசியில் மேலாளரும் சூப்பர்வைசரும் சேர்ந்து அதில் கையெழுத்திட்டால்தான் இது நிற்கும்.

அடுத்தது நலனின் பிழை. இது எளிதில் பிடிபடாது. தாராள மதிப்பீடு என்று பாடப்புத்தகம் சொல்வதை மேலாளரின் இளகிய மனசு என்று நினைத்துவிடுகிறோம். ஆம்பூரில் அதற்குக் கணக்கு இருக்கிறது. மூன்று போட்டால் சூப்பர்வைசர் அடுத்த மாதமே அதே சாலையில் இருக்கும் இன்னொரு கம்பெனிக்குப் போய்விடலாம். ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைமுக்கு ஆள் திரட்ட அவர்தான் வேண்டும். கல்யாண வீட்டிலும் தொழுகை முடிந்து வரும்போதும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழித்தாக வேண்டும். நான்கு போட்டால் நஷ்டம் கம்பெனிக்கு, மூன்று போட்டால் தொல்லை தனக்கு. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த மேலாளரை ஒரு நாள் பயிற்சி வகுப்பு மாற்றிவிடாது. மாற்றினாலும் ஆபத்துதான்: தாராளம் தவறு என்று சொல்லிக்கொடுத்தால் எண்கள் இறங்குகின்றன, ஆனால் துல்லியமும் கூடவே இறங்குகிறது என்பதை பெர்னார்டின், பென்ஸ் இருவரும் 1980-இலேயே காட்டினார்கள். ஒரு பழக்கத்தை விட்டு இன்னொரு பழக்கத்துக்கு ஆள் மாறுகிறார், அவ்வளவுதான்.

தாராளம் முற்றிப்போனால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு வழக்கு சாட்சி. எல்லைச் சாலைப் பொறியியல் பணியில் நிர்வாகப் பொறியாளராக இருந்த தேவ் தத் என்பவருக்கு 1993-94 ஆண்டுக்கான ரகசிய அறிக்கையில் ‘நன்று’ என்று எழுதியிருந்தார்கள். பதவி உயர்வுக்கோ ஐந்தாண்டுகளும் ‘மிக நன்று’ வேண்டும். நன்று என்ற சொல்லே அவர் வழியை அடைத்தது. அது பாதகமான குறிப்பு இல்லை என்று கருதி அவருக்குத் தெரிவிக்கவும் இல்லை. 2008-இல் உச்ச நீதிமன்றம், எந்தக் குறிப்பானாலும் ஊழியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. எல்லோருக்கும் மிக நன்று போடுகிற இடத்தில் நன்று என்பது வசவாகிவிடுகிறது. உண்மையை எழுதுகிற ஓர் அதிகாரி தன் கீழ் இருப்பவரை அறியாமலேயே அழித்துவிடுகிறார்.

இதற்கெல்லாம் கம்பெனிகள் கண்டுபிடித்த பொது மருந்து கட்டாயப் பங்கீடு. இத்தனை விழுக்காட்டினர் மேலே, இத்தனை பேர் நடுவில், பத்து விழுக்காட்டினர் கீழே என்று முன்கூட்டியே வகுத்துவிடுவது. இதில் ஒரு நன்மையை மறுக்க முடியாது: எல்லோருக்கும் நான்கு போட்டுத் தப்பிக்கும் வழி அடைபடுகிறது. ஆனால் நினைவின் பிழையை இது தொடுவதே இல்லை. யாரைக் கீழே தள்ளுவது என்று தேடும்போது மேலாளருக்கு முதலில் நினைவுக்கு வருவது பிப்ரவரி ஷிப்மென்ட்தான். தவிர, எட்டு சூப்பர்வைசர்கள் உள்ள கூடத்தில் பத்து விழுக்காடு என்றால் முக்கால் ஆளுக்குச் சற்று அதிகம். அந்த முக்கால் ஆளுக்காக ஒரு முழு ஆளைத் தேடுகிறார்கள். ஆயிரக்கணக்கான பொறியாளர்கள் வேலை செய்த மைக்ரோசாஃப்ட் நிறுவனமே 2013-இல் இந்த முறையைக் கைவிட்டது.

பலன் தருவது தோல் மேசையின் வழிதான்: மாதிரித் தோலும் இரண்டாவது கண்ணும். ஒரு மேலாளர் தன் எட்டுப் பேருக்குச் சராசரி 4.5 போடுகிறார், இன்னொரு மேலாளர் 3.3 போடுகிறார் என்று கொள்வோம். முதலாமவரிடம் 4 வாங்கியவர் தன் கூட்டத்தில் சராசரிக்குக் கீழே இருக்கிறார். இரண்டாமவரிடம் 3.5 வாங்கியவர் மேலே இருக்கிறார். வெறும் எண்ணைப் பார்த்து இன்கிரிமென்ட் போட்டால் முன்னவருக்குத்தான் அதிகம் போகும். சராசரி வித்தியாசத்தைக் கழித்துவிடலாம் என்று மனிதவளப் பிரிவு சொல்லும். ஆனால் அந்தக் கழித்தல், இரண்டு கூட்டமும் சமத் திறமை உள்ளவை என்று எடுத்துக்கொள்கிறது. முதல் மேலாளரிடம் கம்பெனியின் தேர்ந்த கைகளெல்லாம் இருந்தால், கழித்தல் அவர்களுக்கு அநியாயம்.

எனவே கழிப்பதற்கு முன் இரண்டு மேலாளரும் உட்கார்ந்து, தாம் 3 போட்ட ஒருவரின் குறிப்பையும் 4 போட்ட ஒருவரின் குறிப்பையும் பெயரைச் சொல்லாமல் படித்துக் காட்ட வேண்டும். ஒருவருடைய 3-உம் மற்றவருடைய 4-உம் ஒரே வேலையைத்தான் சொல்கின்றன என்றால் அளவுகோல் வேறுபடுகிறது, அப்போது திருத்தலாம். வேலையே வேறு என்றால் வித்தியாசம் உண்மையானது, விட்டுவிட வேண்டும். இந்த அமர்வுக்கும் ஒரு நோய் உண்டு. ஆலைத் தலைவர் முதலில் வாய் திறந்தால் மற்றவர்கள் எண்ணை அவர் முகத்துக்கு ஏற்பத் திருத்துவார்கள். எண்களை முன்கூட்டியே எழுதி ஒப்படைத்திருக்க வேண்டும், தலைவர் கடைசியில் பேச வேண்டும்.

நலனின் பிழைக்கு இதுவும் போதாது. மூன்று போட்டால் வரும் தொல்லை மேலாளர் ஒருவர் தலையில் மட்டும் விழுகிற வரை அவர் நான்குதான் போடுவார். அந்த எண் இருவர் கையெழுத்தில் வெளிவந்தால், காரணத்தோடு சூப்பர்வைசரிடம் சொல்லப்பட்டால், அவர் மறுத்து எழுத இடம் இருந்தால், சுமை பகிரப்படுகிறது. மத்திய அரசின் மதிப்பீட்டு முறையில் பத்துக்கு 9 அல்லது 10 போட்டாலும், 1 அல்லது 2 போட்டாலும் குறிப்பிட்ட செயலைச் சொல்லி நியாயப்படுத்த வேண்டும் என்று விதி இருக்கிறது. கம்பெனிகள் இதைக் கடன் வாங்கலாம். காரணம் எழுத வேண்டிய கட்டாயம் வந்தால் காரணமில்லாத 5-க்குக் கை தயங்கும்.

தோலோடு ஆளை ஒப்பிடுவது ஓர் எல்லைக்கு மேல் செல்லாது. தோல் தன்னைத் தரம் பிரிக்கிறார்கள் என்று அறியாது. மூன்றாம் தரத்தில் விழுந்ததால் அடுத்த ஆண்டு மோசமாகிவிடாது. சூப்பர்வைசர் மோசமாகிவிடுவார். பிப்ரவரியில் லைனிங் வராததற்காக இரண்டு வாங்கியவர், அடுத்த முறை லைனிங் தாமதமானால் இரவு ஓட்ட ஒப்புக்கொள்ள மாட்டார். ஏன் என்று கேட்டால் சொல்லவும் மாட்டார்.