கோலியின் 86.5: கூட்டினால் பூஜ்யம், வர்க்கப்படுத்தினால் 60

2014-15 ஆஸ்திரேலியத் தொடரில் விராட் கோலி எட்டு இன்னிங்ஸ்களில் 692 ரன்கள் குவித்தார். அடிலெய்டில் 115, 141. பிரிஸ்பேனில் 19, 1. மெல்போர்னில் 169, 54. சிட்னியில் 147, 46. எட்டு முறையும் ஆட்டமிழந்தார். சராசரி 86.5. ஆனால் அந்தத் தொடரில் 54-க்கும் 115-க்கும் இடையே ஒரு ஸ்கோர்கூட அவரிடம் இல்லை. 86 ரன் அடிக்கும் கோலியை எந்த மைதானமும் பார்க்கவில்லை. ஆகவே சராசரியோடு, அதிலிருந்து அவர் எவ்வளவு தூரம் விலகி ஆடினார் என்பதையும் சொன்னால்தான் தொடரின் உண்மையான தோற்றம் கிடைக்கும்.

ஒவ்வொரு ஸ்கோரிலிருந்தும் 86.5-ஐக் கழித்துப் பார்ப்போம். நான்கு சதங்களும் முறையே 28.5, 54.5, 82.5, 60.5 மேலே நிற்கின்றன, கூட்டினால் 226. மற்ற நான்கும் 67.5, 85.5, 32.5, 40.5 கீழே கிடக்கின்றன, அதுவும் 226. மொத்தம் பூஜ்யம்.

இதில் கோலியின் பங்கு எதுவும் இல்லை. 692-ஐ எட்டால் வகுத்துக் கிடைத்தது 86.5. எட்டு ஸ்கோர்களிலும் 86.5-ஐக் கழிப்பது என்றால், 692-இலிருந்து எட்டு முறை 86.5-ஐ, அதாவது அதே 692-ஐக் கழிப்பதுதான். யாருடைய ஸ்கோரை எடுத்தாலும் விடை மாறாது. எட்டு முறையும் 86 அல்லது 87 எடுப்பவருக்கும் பூஜ்யம், சதமும் டக்குமாக மாறி மாறி ஆடுபவருக்கும் பூஜ்யம். ஆட்டத்தைப் பற்றி அந்தக் கூட்டல் எதையும் சொல்லாது.

கணக்கைச் சரிபார்க்க மட்டும் அது உதவும். அதே தொடரில் ஸ்டீவ் ஸ்மித் 769 ரன்கள் எடுத்தார், சராசரி 128.16 என்று அட்டவணை சொல்லும். அதிலிருந்து அவருடைய எட்டு ஸ்கோர்களின் விலக்கங்களைக் கூட்டினால் பூஜ்யம் வராது, ஏறத்தாழ 256 ரன் குறையும். அவர் இரண்டு முறை ஆட்டமிழக்கவில்லை. கிரிக்கெட் சராசரி அவருடைய ரன்களை எட்டால் அல்ல, ஆறால் வகுக்கிறது. விலக்கம் அளக்க வேண்டுமானால் 769-ஐ எட்டால் வகுத்த 96.125-இலிருந்துதான் தொடங்க வேண்டும்.

சரி, கூட்டல் கழித்தல் குறிகளை விட்டுவிட்டுத் தூரத்தை மட்டும் கூட்டினால் என்ன? கோலிக்கு 226-உம் 226-உம் சேர்ந்து 452. ஓர் இன்னிங்ஸுக்கு 56.5. நேர்மையான அளவுதான். ஆனால் 86.5-க்குப் பதிலாக 60-இலிருந்து அளந்து பாருங்கள்: அதே 452. 100-இலிருந்து அளந்தாலும் 452. நான்கு ஸ்கோர்கள் கீழே, நான்கு மேலே இருப்பதால், அளக்கும் புள்ளியை ஒரு ரன் நகர்த்தினால் நான்கு தூரங்கள் ஒன்று கூடுகின்றன, நான்கு ஒன்று குறைகின்றன. 54-க்கும் 115-க்கும் இடையே எங்கு நின்றாலும் இந்த அளவுக்கு ஒன்றுதான். சராசரிக்கென்று அதில் தனி இடம் இல்லை.

வர்க்கம் அந்த இடத்தைத் தருகிறது. விலக்கங்களை வர்க்கப்படுத்திக் கூட்டினால் 86.5-இலிருந்து 28,812. 100-இலிருந்து அளந்தால் 30,270 ஆகிறது. 60-இலிருந்து அளந்தால் 34,430. எந்தப் பக்கம் நகர்ந்தாலும் ஏறுகிறது. இதற்குக் காரணமே, பயனற்றது போலத் தெரிந்த அந்தப் பூஜ்யம்தான். 86.5-இலிருந்து 100-க்கு 13.5 நகரும்போது, ஒவ்வொரு வர்க்கமும் மூன்று துண்டுகளாகப் பிரிகிறது: பழைய விலக்கத்தின் வர்க்கம், 13.5-இன் வர்க்கம், இடையில் 13.5-ஐயும் அந்த விலக்கத்தையும் பெருக்கி இரட்டித்துக் கழிக்கும் துண்டு. எட்டு இன்னிங்ஸுக்கும் கூட்டும்போது இந்த நடுத்துண்டுகள் முழுவதும் அழிந்துபோகின்றன, ஏனென்றால் விலக்கங்களின் கூட்டல் பூஜ்யம். மிஞ்சுவது 28,812-உடன் எட்டு மடங்கு 13.5-இன் வர்க்கம், அதாவது 1,458. இந்தக் கூடுதல் ஒருபோதும் குறையெண் ஆகாது என்பதால், சராசரியில் நின்றால்தான் வர்க்கக் கூட்டல் மிகச் சிறியது.

28,812 ரன்களில் இல்லை, ரன்களின் வர்க்கத்தில் இருக்கிறது. எட்டால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 60 ரன். இதுவே திட்ட விலக்கம். ஸ்மித்துக்கும் இதே வழியில் கணக்கிட்டால் சுமார் 60.5 வருகிறது. ஓர் இன்னிங்ஸுக்குச் சுமார் பத்து ரன் கூடுதலாக எடுத்தவர் ஸ்மித்; ஆனால் ஏற்ற இறக்கத்தில் இருவரும் ஒன்றே. ஸ்மித்தை நிதானமானவர் என்றும் கோலியைத் தடுமாறுபவர் என்றும் இந்தத் தொடரை வைத்துப் பிரிக்க இடமில்லை என்பது என் முடிவு.

ஆனால் வர்க்கம் தொலைவில் நிற்பவற்றுக்கு அதிக எடை தரும் என்பதை மறக்கக் கூடாது. பிரிஸ்பேனின் அந்த ஒரு ரன் இன்னிங்ஸ் மட்டும் 28,812-இல் 7,310-ஐத் தருகிறது. எட்டில் ஒரு பங்கு ஆட்டம், கால் பங்கு விலக்கம். எட்டு இன்னிங்ஸ் மட்டுமே கையில் இருக்கும்போது, அந்த ஓர் ஆட்டமிழப்பை நீக்கிவிட்டு மறுபடியும் கணக்கிட்டால் திட்ட விலக்கம் சுமார் 54-க்கு இறங்கிவிடும்.