கூத்தின் வரவும் மேடைப்பேச்சும்

நூலைப் படிப்போன் ஐயம் தோன்றினால் முன்பக்கத்தைப் புரட்டிப் பார்ப்பான். கேட்போனுக்கு அவ்வாய்ப்பில்லை. இவ்வேற்றுமையை நம் மேடைப்பேச்சாளரினும் மட்டக்களப்பு அண்ணாவிமாரே நன்கு உணர்ந்திருந்தனர் எனலாம்.

விடிய விடிய ஆடப்படும் கூத்திலே முதலிற் கட்டியகாரன் தோன்றி அரசன் வரவை அறிவிக்கின்றான். பின்னர் வரும் பாத்திரம் ஒவ்வொன்றும் தான் யாரென்பதை வரவுப் பாடலால் உணர்த்தியே கதைக்குட் புகும். அது பாடும் அடியைப் பிற்பாட்டுக்காரர் மீளப் பாடுவர். வட்டக்களரியைச் சூழ எல்லாப் பக்கமும் மக்கள் இருப்பதால், ஆடுவோனின் முகம் எக்கணத்திலும் ஒரு சாராருக்கே தெரியும். இடையிற் கண்ணயர்ந்தோரும் பிந்தி வந்தோரும் அவையில் உளர். அவர்கள் அனைவரும் மத்தள ஒலியிடையே விட்ட சொல்லைப் பிடித்துக்கொள்ள அம்மீட்சி இடந்தருகின்றது.

கூறியது கூறல் குற்றமென்று நன்னூல் விதித்திருக்க, இது தகுமா என்று வினவலாம். நூற்குற்றமாகச் சொல்லப்பட்டதை அவைக்கு அப்படியே பொருத்துதல் முறையன்று. அந்நன்னூலே நுதலிப் புகுதல், தொகுத்துச் சுட்டல், உரைத்தும் என்றல், உரைத்தாம் என்றல் ஆகியவற்றை உத்திகளாக ஏற்கின்றது. ஏட்டுக்கே இவை வேண்டுமெனின் செவிக்கு எத்துணை வேண்டும்!

செங்கலடி–பதுளை வீதியிலுள்ள கரடியனாற்றிலே, பெரும்போகத்துக்கு முன் கமக்காரரிடம் ஒருவர் பேசுவதாகக் கொள்வோம். "விதைநெல், தண்ணீர், களை என்னும் மூன்றைப் பற்றிப் பேசுவேன்" என்று அவர் தொடங்குதல் வரவு போன்றது. விதைநெல்லை முடித்ததும், "விதைநெல் முடிந்தது, இனித் தண்ணீர்" என்று ஒரு வாக்கியம் சொன்னாற் போதும். அப்போது வந்தமர்ந்தவரும் தாம் எவ்விடத்தில் நிற்கின்றார் என்பதை அறிவார். சுருக்கம் முழுவதையும் இறுதிக்கு ஒதுக்குவோர், இடையில் வழிதவறியவரை அதுவரை தவிக்க விடுகின்றனர்.

கற்றோர் பெரிதும் பிழைப்பது சொற்றேர்விலேயே. முன்னர் "தண்ணீர்" என்றதைப் பின்னர் "பாசனம்" என்றும், அதன்பின் "நீர் முகாமை" என்றும் மாற்றிச் சொல்வர். எழுத்திலே அழகாகக் கொள்ளப்படும் இம்மாற்றம், செவிக்கு நான்காவதொரு பொருள் வந்துவிட்டதென்ற மயக்கத்தையே தருகின்றது. "எத்தனையாவது விடயம் இது?" என்று அருகிலிருப்பவரை ஒருவர் கேட்பாராயின், பழுது அங்கேதான். பிற்பாட்டுக்காரர் சொல்லை மாற்றுவதில்லை என்பது இங்கு நோக்கற்பாலது. மூன்றென அறிவித்து ஐந்தைப் பேசுவோரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

மீட்டுரைத்தலுக்கு ஓர் அளவும் உண்டு. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இல் பேராதனையிலே கர்ணன் போரை மேடையேற்றியபோது, இரவு முழுதும் நிகழ்ந்த கூத்தைப் படச்சட்ட மேடைக்கு ஏற்பச் சுருக்கினார். அவையினர் அனைவரும் ஒரே திசையில் அமர்ந்து, குறுகிய நேரமே பார்க்குமிடத்து, வட்டக்களரிக்கு வேண்டிய அத்தனை மீட்சியும் வேண்டியதில்லை. பத்து நிமிடப் பேச்சுக்கு நெடிய முன்னறிவிப்புச் செய்வோர் இதனைக் கருதுவதில்லை. அவர்களின் கட்டியகாரன் போனபின் அரசனுக்கு ஆட நேரமிருப்பதில்லை.