அறுபது கேட்டால் ஐம்பத்தாறு தரும் பலகை

டெம்பரேச்சர் கன்ட்ரோல் லேப், சுருக்கமாக டிசிலேப். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்கென உருவான சிறு பலகை இது. ஆர்டுயினோ மேல் உட்காரும், உள்ளங்கையில் அடங்கிவிடும். இரண்டு ஹீட்டர், இரண்டு வெப்பச் சென்சார், அவ்வளவுதான். ஹீட்டர் என்று தனியாக ஒன்று கிடையாது. டிஐபி31சி டிரான்சிஸ்டரையே சூடாக்குகிறார்கள். மற்ற சர்க்யூட்களில் எந்தச் சூட்டைத் தவிர்க்கப் பாடுபடுவோமோ, அதுவே இங்கே வேலை. யூஎஸ்பி கேபிள் தகவலுக்கு, தனி அடாப்டர் சூட்டுக்கு. பைத்தானில் `tclab` தொகுப்பை நிறுவினால் பலகை பேச ஆரம்பித்துவிடும்.

இதில் நிறைய பயிற்சிகள் செய்யலாம். நான் ஒன்றையே பிடித்துக்கொண்டேன்: விகிதப் பின்னூட்டம் மட்டும் வைத்து இதை 60 டிகிரியில் நிறுத்த முடியுமா?

முதலில் பலகையின் குணம் தெரிய வேண்டும். அறை வெப்பம் 30 டிகிரி. ஹீட்டரை 50 சதவீதத்தில் வைத்துவிட்டுக் காத்திருந்தால் வெப்பம் ஏறி, ஏறும் வேகம் தணிந்து, 65 வாக்கில் நிற்கிறது. அதாவது ஹீட்டரில் ஒரு சதவீதம் கூட்டினால் 0.7 டிகிரி கூடும். மொத்த ஏற்றமான 35 டிகிரியில் 63 சதவீதத்தைக் கடக்க ஏறக்குறைய 150 விநாடி ஆகிறது. இதைத்தான் நேர மாறிலி என்பார்கள். இந்த இரண்டு எண்களும் கையில் இருந்தால் முதல் படி அமைப்பு ஒன்றின் கதை பெரும்பாலும் முடிந்தது. பலகைக்குப் பலகை, அறைக்கு அறை இவை மாறும். ஆகவே வாங்குபவர் முதலில் செய்ய வேண்டியது இந்த அளவீடுதான்.

இனி பின்னூட்டம். இலக்குக்கும் இப்போதைய வெப்பத்துக்கும் உள்ள வித்தியாசமே பிழை. அதை `Kc` என்ற எண்ணால் பெருக்கி ஹீட்டருக்கு அனுப்புகிறோம். அந்த எண்தான் கெயின்.

```python
import tclab
Kc, SP = 10, 60
with tclab.TCLab() as lab:
    for t in tclab.clock(600, 1):
        T = lab.T1
        Q = max(0, min(100, Kc*(SP - T)))
        lab.Q1(Q)
        print(t, T, Q)
```

கெயினை 1 என்று வைத்தேன். ஆரம்பத்தில் பிழை 30, ஹீட்டருக்கு 30 சதவீதம். வெப்பம் ஏற ஏற பிழை குறைகிறது, கூடவே ஹீட்டரும் தணிகிறது. கடைசியில் 42 டிகிரியைக் கொஞ்சம் தாண்டிய இடத்தில் வெப்பம் நின்றுவிடுகிறது. அறுபது எங்கே, நாற்பத்திரண்டு எங்கே! முதல் முறை பார்ப்பவர் கம்பியைத்தான் சந்தேகிப்பார்.

கம்பியில் குற்றமில்லை. 60 டிகிரியைத் தாங்கிப்பிடிக்க ஹீட்டருக்கு ஏறத்தாழ 43 சதவீதம் வேண்டும். ஆனால் இந்த முறையில் ஹீட்டருக்கு மின்சாரம் வரும் ஒரே வழி பிழை. இலக்கைத் தொட்ட கணம் பிழை பூஜ்யம், ஹீட்டரும் பூஜ்யம், வெப்பம் உடனே இறங்கும். எனவே சூட்டைத் தாங்கும் அளவுக்கு ஒரு பிழையை மிச்சம் வைத்துக்கொண்டே அது நிற்கிறது. அந்த மிச்சம் எவ்வளவு என்பதை இந்தச் சமன்பாடு சொல்கிறது:

`e = 30 / (1 + 0.7*Kc)`

கெயின் 3 என்றால் மிச்சம் 9.7 டிகிரி. 10 என்றால் 3.75, அதாவது 56.25 டிகிரியில் நிற்கும். அப்போது ஹீட்டர் 37.5 சதவீதம், அதாவது 3.75-இன் பத்து மடங்கு. கணக்கு நேராகிறது. கீழே உள்ள எண்ணைக் கூட்டக் கூட்ட மிச்சம் சுருங்கும், ஒருபோதும் மறையாது.

வேகத்துக்கும் அதே பகுதிதான். பின்னூட்டம் இல்லாதபோது 150 விநாடியாக இருந்த நேர மாறிலி, `150/(1 + 0.7*Kc)` ஆகிறது. கெயின் 1-க்கு 88 விநாடி, 3-க்கு 48. ஒரே குமிழைத் திருப்பினால் துல்லியமும் கூடுகிறது, வேகமும் கூடுகிறது. இதைக் கேட்டவுடன் யாருக்கும் குமிழைக் கடைசிவரை திருப்பத்தான் கை நீளும்.

கெயின் 10-இல் சூத்திரம் 19 விநாடி என்கிறது. பலகை அப்படி நடக்கவில்லை. காரணம் எளிது: ஆரம்பத்தில் பிழை 30, கெயின் 10, ஆக 300 சதவீதம் கேட்கிறோம். ஹீட்டரிடம் இருப்பதோ 100. வெப்பம் 50 டிகிரியைத் தொடும்வரை அது முழு வீச்சில் எரிந்துகொண்டே இருக்கும். அதற்கே ஐம்பது விநாடி போய்விடும். அதன் பிறகுதான் சூத்திரத்தின் வேகம் செல்லுபடியாகும். கெயினை இன்னும் கூட்டினாலும் அந்த முதல் ஓட்டம் வேகமாகாது. வேகம் வேண்டுமென்றால் பெரிய ஹீட்டர் வேண்டும். பாடப்புத்தகங்களில் இது பெரும்பாலும் அடிக்குறிப்பாகப் போய்விடுகிறது.

இன்னொரு தடையும் உண்டு. கணிதத்தில் சுத்தமான முதல் படி அமைப்பு எந்தக் கெயினிலும் ஆடாது. இந்தப் பலகை அத்தனை சுத்தமில்லை. டிரான்சிஸ்டரின் சூடு சென்சாருக்குப் போய்ச்சேரச் சற்று நேரமாகிறது. அதை 15 விநாடித் தாமதம் என்று எடுத்துக்கொண்டால், கெயின் 23-ஐ நெருங்கும்போது அலைவு அடங்காது என்று கணக்கு சொல்கிறது. குளியலறைக் குழாயைத் திருப்பிவிட்டுச் சூடு வரக் காத்திராமல் மீண்டும் திருப்புகிறவரின் பாடுதான். 30-இல் வைத்தால் ஹீட்டர் முழுதாக எரிந்து முழுதாக அணைவதே வேலையாகிவிடும். விகிதப் பின்னூட்டம் என்ற பெயர் மட்டும் மிஞ்சும். நடப்பது இஸ்திரிப் பெட்டியின் ஆன்-ஆஃப்.

ஆடத் தொடங்கும் முன்பே ஓர் அறிகுறி தெரியும். சென்சாரின் வாசிப்பு 0.32 டிகிரிப் படிகளில்தான் மாறும். ஆர்டுயினோவின் 10 பிட் அளவீடு தருவது அவ்வளவே. கெயின் 20 எனில் ஒரே படி மாற்றம் ஹீட்டரை ஆறு சதவீதத்துக்கு மேல் உலுக்கும். `Q` வரிசையைப் பாருங்கள்: வெப்பம் நிலையாக இருக்கும்போதே அது எகிறிக் குதித்தால் கெயின் அதிகம். என் கணிப்பில் இந்தப் பலகைக்கு 8 முதல் 10 போதும்.

அப்படியானால் அந்த நாலு டிகிரியை என்ன செய்வது? 43-ஐ நாமே கூட்டிவிடலாம்: `Q = 43 + Kc*(SP - T)`. பிழை பூஜ்யமானாலும் ஹீட்டர் எரியும், வெப்பம் 60-இலேயே நிற்கும். ஆனால் ஏசி ஓடி அறை 4 டிகிரி குளிர்ந்தால் இந்த 43 போதாது. கெயின் இல்லாவிட்டால் வெப்பமும் முழுதாக 4 டிகிரி இறங்கியிருக்கும். கெயின் 10 அதை அரை டிகிரியாக அடக்கிவிடுகிறது. ஹீட்டர்களில் இரண்டாவதை `lab.Q2(100)` என்று எரியவிட்டும் இதைச் சோதிக்கலாம். பக்கத்துச் சூடு இங்கேயும் தெரியும். அந்த 43-ஐ ஒரு காலத்தில் ஆலைப் பணியாளர்கள் கையால் திருத்தினார்கள். அதைத் தானாகச் செய்யவைத்த ஏற்பாடே பின்னாளில் தொகையீட்டுப் பகுதி ஆனது. பழைய கருவிகளில் அதன் பெயர் ஆட்டோமேட்டிக் ரீசெட்.

பலகையோடு வாழ்வதில் எரிச்சல் ஒன்றுதான்: ஹீட்டரால் சூடாக்க மட்டுமே முடியும், குளிர்விக்க முடியாது. ஒவ்வொரு சோதனைக்கும் பிறகு பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஆறவிட வேண்டும். விசிறி வைத்தால் சீக்கிரம் ஆறும், ஆனால் சோதனையின்போது அதை நிறுத்தியாக வேண்டும், இல்லையெனில் 0.7 என்ற எண்ணே மாறிப்போகும். அவசரக்காரர்கள் நிரலில் `tclab.TCLab`-க்குப் பதில் `tclab.setup(connected=False, speedup=10)` என்று கொடுத்துப் பலகையே இல்லாமல் பத்து மடங்கு வேகத்தில் ஓட்டிப் பார்க்கலாம். வாங்கலாமா என்று யோசிப்பவர் அங்கிருந்தே தொடங்கட்டும்.