கேட் எதைக் கேட்கிறது?

கலஹாவில் என் அறையில் அம்பைப் போட்டு டிஸ்டோர்ஷனைக் கூட்டினால், நான் தந்தியைத் தொடும் முன்பே அறை இரையத் தொடங்கிவிடும். கரண்டின் 50 ஹேர்ட்ஸ் முனகல், அதன் இரட்டிப்பான 100 ஹேர்ட்ஸ், இரண்டுக்கும் மேலே மழை தகரத்தில் விழுவது போன்ற ஒரு சீறல். மெட்டல் வாசிக்கிறவனுக்கு இது பெரிய இழப்பு. அந்த இசையில் அடிக்கும் அடிக்கும் நடுவில் வருகிற நிசப்தமும் தாளத்தில் சேர்த்தி. தப்பு அடிக்கிறவர்கள் தீயில் காய்ச்சித் தோலை விறைப்பாக்குவது, ஒவ்வோர் அடியும் தெறித்து விழ வேண்டும் என்பதற்காகத்தான். ரிஃப் வாசிக்கிறவன் வலது உள்ளங்கையின் ஓரத்தை பிரிட்ஜில் அழுத்தி அதே தெறிப்பைத் தேடுகிறான். கிடைத்த தெறிப்பை இரைச்சல் வந்து நிரப்பிவிடுகிறது.

இதற்கு மருந்தாக இரண்டு பெட்டிகளைச் சொல்வார்கள். குறித்த அளவுக்குக் கீழே ஒலி இறங்கினால் கதவைச் சாத்துவது நொய்ஸ் கேட். பெரிய ஒலியை அமுக்கிச் சிறியதை உயர்த்துவது கொம்ப்ரஸர். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வது வழக்கமாகிவிட்டது. என் கணிப்பில் டிஸ்டோர்ஷனுக்கு முன்னால் இவை இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரி.

ஏன் என்பதை எளிய எண்களால் பார்க்கலாம். பலமாக அடித்த ஒரு தந்தி 200 மில்லிவோல்ட் தருகிறது, கிட்டாரின் இரைச்சல் அரை மில்லிவோல்ட் என்று வைத்துக்கொள்வோம். இசை இரைச்சலைவிட 400 மடங்கு பெரிது. இதை ஆயிரம் மடங்கு பெருக்கும் டிஸ்டோர்ஷனுக்குள் விடுகிறோம். இரைச்சல் அரை வோல்ட் ஆகிறது. இசை 200 வோல்ட் ஆக வேண்டும், ஆனால் சுற்று 5 வோல்டுக்கு மேல் போகாமல் தலையை வெட்டிவிடுகிறது. 400 மடங்காக இருந்த இடைவெளி பத்து மடங்காகச் சுருங்கிவிட்டது. டிஸ்டோர்ஷன் என்பதே ஒரு முரட்டுக் கொம்ப்ரஸர்தான்.

இதில் இன்னொரு சிக்கலும் ஒளிந்திருக்கிறது. தந்தியின் அதிர்வு 200 மில்லிவோல்டிலிருந்து 5 மில்லிவோல்டுக்குத் தேய்ந்த பிறகும் டிஸ்டோர்ஷனின் வெளியீட்டில் அதே 5 வோல்ட்தான் இருக்கும். டிஸ்டோர்ஷனுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் கேட், கை தந்தியை எப்போதோ அமர்த்திவிட்டதை அறியாமல் திறந்தே கிடக்கும். ரிஃபின் வால் நீள்கிறது. த்ரெஷோல்டை ஏற்றினால் அடுத்த மெல்லிய சுரத்தையும் சேர்த்து விழுங்குகிறது. கேட் சரியில்லை என்று பலர் பெடலைக் குறை சொல்வதைக் கேட்டிருக்கிறேன். பெரும்பாலும் அதைத் தப்பான இடத்தில் காது கொடுக்க வைத்திருப்பார்கள்.

பொஸ் நிறுவனம் 1987இல் வெளியிட்ட என்எஸ்-2 பெடல் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. அதில் உள்ளீடும் வெளியீடும் தவிர, செண்ட், ரிட்டர்ன் என்று இரண்டு துளைகள். கிட்டாரை உள்ளீட்டில் கொடுத்து, செண்டிலிருந்து டிஸ்டோர்ஷனுக்குப் போய், அங்கிருந்து ரிட்டர்னுக்கு வந்து, பிறகு அம்புக்குப் போக வேண்டும். இப்படிக் கட்டினால் கேட் காது கொடுப்பது வெறும் கிட்டாருக்கு, சாத்துவது டிஸ்டோர்ஷனுக்குப் பிந்திய ஒலியை. 400 மடங்கு இடைவெளி முழுவதும் நம் கையில். த்ரெஷோல்டை 10 மில்லிவோல்டிலோ 20இலோ நிறுத்தி, உள்ளங்கை அழுத்தியதும் கதவு விழும்படி செய்யலாம். டிஸ்டோர்ஷனைக் கூட்டிக் குறைத்தாலும் த்ரெஷோல்டைத் தொட வேண்டியதில்லை.

இப்போது இந்த வரிசையின் முதலில் ஒரு கொம்ப்ரஸரை வையுங்கள். ஒலி தேயத் தேய அது உயர்த்திக்கொண்டே வரும். வாசிக்காத நேரத்தில் பத்து மடங்கு உயர்த்துகிறது என்றால் அரை மில்லிவோல்ட் இரைச்சல் 5 மில்லிவோல்ட் ஆகும், பலத்த அடி 200இலேயே நிற்கும். 400 மடங்கு 40 ஆயிற்று. வாலும் மெதுவாகத்தான் இறங்கும். கேட்டுக்கு நாம் பாடுபட்டுத் தேடிக் கொடுத்த இடத்தை, வாசிப்பை இறுக்கும் என்று வாங்கிய பெட்டியே பறித்துவிட்டது. அதன் அட்டாக் வேகமாக இருந்தால் பிக் தந்தியில் படும் முதல் தெறிப்பும் மழுங்கும். நீண்டு பாட வேண்டிய தெளிந்த ஒலிக்கும் தனி வாசிப்புக்கும் கொம்ப்ரஸர் அழகு. ரிஃபுக்கு முன்னால் அதற்கு வேலையில்லை. அங்கே உண்மையில் உதவுவது டிஸ்டோர்ஷனுக்குள் போகும் அடித்தொனியைக் குறைப்பது. டியூப் ஸ்க்ரீமர் பெடலை ட்ரைவைக் குறைத்து, லெவலைக் கூட்டி அம்புக்கு முன்னால் வைப்பதன் காரணம் இதுதான்.

கொம்ப்ரஸருக்கு நியாயமான இடம் ஒலிப்பதிவு முடிந்த பிறகு வருகிறது. உள்ளங்கை அழுத்திய அடி, திறந்த கோர்டைவிட 100 முதல் 250 ஹேர்ட்ஸ் வரையிலான பகுதியில் அதிகம் வீங்கும். ஈக்யூவால் அந்தப் பகுதியை நிரந்தரமாகக் குறைத்தால் திறந்த கோர்ட் மெலிந்துபோகும். மல்டிபேண்ட் கொம்ப்ரஸரோ அந்தப் பட்டையை மட்டும், அது வீங்கும் நொடியில் மட்டும் அமுக்குகிறது. இங்கிலாந்துத் தயாரிப்பாளர் அன்டி ஸ்னீப்பின் பெயரோடு இந்த முறை மெட்டல் ஒலிப்பதிவாளர்களிடையே பரவியிருக்கிறது. பாஸ் கிட்டாரும் கிக் ட்ரம்மும் நிற்க வேண்டிய இடத்தை இது காலி செய்து கொடுக்கிறது. அளவு மீறினால் மார்பில் விழும் அடியின் கனம் போய்விடும். மீட்டரில் நாலைந்து டெசிபலுக்கு மேல் அமுங்குவது தெரிந்தால் நான் நிறுத்திவிடுவேன்.

கேட்டின் வேகத்திலும் ஓர் எல்லை இருக்கிறது. நிமிடத்துக்கு 180 அடி ஓடும் ரிஃபில், ஓர் அடிக்கு நான்கு சுரம் என்றால், ஒரு சுரத்துக்கு 83 மில்லிசெக்கன்ட். கேட் மூட 100 எடுத்தால் அந்த ரிஃப் முழுதும் ஒருமுறைகூட மூடாது. அதற்காக மிக வேகமாக மூடவும் முடியாது. தடித்த தந்தியை சி வரை இறக்கினால் அதன் ஓர் அலைக்கே 15 மில்லிசெக்கன்ட் ஆகிறது. அதைவிட விரைவாக மூடும் கேட் அலையின் ஏற்ற இறக்கத்தையே வாசிப்பின் ஏற்ற இறக்கமாக எடுத்துக்கொண்டு திறந்து திறந்து மூடும். சுரத்தின் கடைசியில் கரகரவென்று கிழிவது போலக் கேட்டால் அதுதான். 30க்குப் பக்கத்தில் தொடங்கிக் காதால் நகர்த்துவது என் வழக்கம்.

கேட்டின் பெரிய குறை என்று நான் நினைப்பது, அது கையின் பிழையை மறைப்பது. இடது கை சும்மா விட்ட தந்தி அதிர்ந்தபடி இருக்கும், கேட் அதையும் மூடிவிடும், வாசிப்பவன் தான் சுத்தமாக வாசிப்பதாக நம்பிவிடுவான். நான் ரிஃபை முதலில் கேட் இல்லாமல் பதிந்து, திரையில் அலையைப் பெரிதாக்கிப் பார்ப்பேன். அடிகளுக்கு நடுவே கிடப்பது சீரான மெல்லிய பட்டை என்றால் இரைச்சல், கேட் பார்த்துக்கொள்ளும். ஏறி இறங்கும் மேடு என்றால் அது என் கை. எல்லா ரொக்கும் இப்படிச் சாத்தப்பட வேண்டியதும் இல்லை. 2001இல் கண்டியில் உருவான பேரனொய்ட் ஏர்த்லிங் குழு சார்ந்திருக்கும் கிரஞ்ச், ஹார்ட் ரொக் மரபில், அம்ப் முன்னால் நின்று கோர்டைத் தேயவிட்டு ஃபீட்பேக்காக மாற்றுவதும் ஒரு வாசிப்பு. அங்கே கேட் பாட்டின் வாலையே நறுக்கும்.

வாசிக்கும்போது கேட் திறந்திருப்பதால் இரைச்சலும் கூடவே வருகிறது. அதனால் பெடலுக்குக் காசு போடும் முன் இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பது நல்லது. தந்தியைத் தொட்டதும் இரைச்சல் குறைந்தால், உங்கள் உடம்பு அன்டெனாவாக வேலை செய்திருக்கிறது, கிட்டாருக்குள் ஷீல்டிங் போதாது. கிட்டாரோடு மெல்லத் திரும்பும்போது ஏதோ ஒரு பக்கத்தில் அடங்கினால், சிங்கிள் கொயில் பிக்கப் பக்கத்து ட்ரான்ஸ்ஃபோமரின் காந்தப் புலத்தை வாங்குகிறது. இரண்டும் இல்லாமல் ஒரே சீராக இரைந்தால் சுவர் ப்ளக்கின் எர்த்தைச் சோதிக்க வேண்டும். என் அறையில் அந்த எர்த் கம்பி எங்கேயும் போய்ச் சேரவில்லை. மின்தொழிலாளி ஒருவர் வெளியே மண்ணில் செம்புக் கம்பி இறக்கி இணைத்துக் கொடுத்தார். 100 ஹேர்ட்ஸின் கூர்மை அன்றே பாதிக்கு மேல் போய்விட்டது, த்ரெஷோல்ட் குமிழையும் பழைய இடத்திலிருந்து நன்றாகக் கீழே கொண்டுவர முடிந்தது.